பொட்டலத்தின் நிகர எடை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், உங்கள் காப்பகத்தில் இருக்கும் முப்பத்தொன்பது வால்களும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்திரண்டு வருஷம் எடை அளவை ஆய்வாளராக இருந்தவன், சரிபார்க்காத எதற்கும் முத்திரை வைத்துப் பழக்கமில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உன் அண்ணி என்னோடு பேசி ஒன்றரை நாள் ஆகிறது. என் பெண், அதாவது உன் மருமகள், பேசுகிறாள், ஆனால் இதற்குப் பேசாமலே இருக்கலாம் என்று தோன்றும்படி பேசுகிறாள். எனக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. வீட்டில் நான்கு ஜோடிச் செருப்பில் இடது கால் செருப்பு ஒன்றுகூட மிச்சமில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய், நினைவிருக்கிறதா? "அண்ணா, பதினாலு நாள் சோதனைக் காலம் முடியப் போகுது. கையெழுத்துப் போட்ட தத்தெடுப்புப் படிவமும் பொட்டலத்தோட ஒரு போட்டோவும் அனுப்பு. போட்டோவுக்குக் கீழ போட ஒரு கேப்ஷன், ரெண்டே வரி. கொஞ்சம் சிரிப்பா, கொஞ்சம் மனசுல ஒட்டுற மாதிரி. அதைப் படிச்சுட்டுத்தான் அடுத்த நாய்க்கு ஆள் வரும்" என்றாய். அந்த இரண்டு வரியை மூன்று நாளாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உன் மருமகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். சுருக்கமாகச் சொன்னால், சனிக்கிழமை நீ வண்டி எடுத்துக்கொண்டு வா, பொட்டலத்தை ஏற்றிக்கொண்டு போ, தோட்டம் உள்ள குடும்பம் ஒன்று கேட்கிறது என்றாயே, அவர்களிடம் கொடுத்துவிடு. காரணத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

முதல் தவறு நான் செய்ததில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். வீட்டைப் பார்வையிட உன் காப்பகத்திலிருந்து ஒரு அம்மா அந்தப் படிவத்தோடு வந்தாரே, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்தார், வெளிக்கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், நாய் எங்கே தூங்கும், எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். எல்லாம் நல்ல கேள்விகள். நானே அப்படித்தான் கேட்டிருப்பேன். கடைசிக் கேள்வி, 'வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா?' அந்த நேரம் நான் அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் உன் மருமகள் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டாள். கேட்டால், "நீங்க வேண்டாம்னு சொல்லலையேப்பா" என்கிறாள். கேட்டால்தானே சொல்வேன்.

வெள்ளிக்கிழமை காலை பொட்டலம் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்து எடுத்ததால் அந்தப் பெயர் என்று நீ சொன்னாய். வண்டி இடித்த பின்னங்கால் ஒட்டிவிட்டது, சொறி ஆறி முடி முளைத்துவிட்டது, கருத்தடை ஆகிவிட்டது, அதற்கு அடையாளமாக இடது காதில் சின்ன வெட்டு, வெறிநோய் ஊசி போட்டாயிற்று, பல்லைப் பார்த்தால் ஒன்றரை வயது. இதெல்லாம் மருத்துவர் கொடுத்த தாளில் இருந்தது. அதே தாளில் 'எடை 12.8 கிலோ' என்றும் இருந்தது. எனக்கு அங்கேயே உறுத்தியது. என் பணி ஓய்வு நாளில் சக ஊழியர்கள் சேர்ந்து பரிசளித்த மேடைத் தராசு கூடத்து மூலையில் இருக்கிறதே, கூண்டோடு அதில் ஏற்றினேன். காலிக் கூண்டின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தேன். கழித்தால் 13.4. அறுநூறு கிராம் வித்தியாசம். உடனே மருத்துவருக்குப் போன் போட்டேன். "டாக்டர், உங்க தராசு குறைச்சுக் காட்டுது. பூச்சி மாத்திரை எடையை வச்சுத்தானே கொடுக்குறீங்க? இது விளையாட்டில்ல" என்றேன். அவர் பொறுமையாக, "சார், நாய் எப்படி இருக்கு?" என்று கேட்டார். நாய் எப்படி இருக்கிறதென்று நான் அதுவரை பார்க்கவில்லை. தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாய் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்தது. மூன்று நாள் அங்கேதான் இருந்தது. நீ முன்பே சொல்லியிருந்தாய், முதல் மூன்று நாள் குளிப்பாட்டாதே, தூக்காதே, உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டாதே, கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதே, அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று. நாங்களும் விட்டுவிட்டோம். சாப்பாட்டை வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு மூன்று பேரும் படுக்கையறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டு, சொந்த வீட்டில் திருடர்கள் மாதிரி காதைக் கதவில் வைத்துக் கேட்போம். கிண்ணம் நகரும் சத்தம் வந்தால் உன் அண்ணி என் கையைப் பிடித்து அழுத்துவாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படி அழுத்தியதில்லை.

தெருவில் எத்தனையோ வண்டிகளுக்கு நடுவே வளைந்து ஓடிய நாய்க்கு நம் வீட்டில் பயம் எது எதற்கு என்று ஒரு பட்டியலே போட்டேன். மின்விசிறி. மிக்ஸி. கண்ணாடிக்குள் இருக்கும் இன்னொரு நாய். வழவழப்பான தரை, அதில் நாலு காலும் நாலு திசைக்குப் போய்விடும், பிறகு அண்ணி பழைய போர்வைகளைப் பாதை மாதிரி விரித்துக் கொடுத்தாள். மாடிப்படி, அதில் ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது, நான்தான் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே துடைப்பம். துடைப்பத்தைக் கண்டால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கியது. யாரோ எப்போதோ அடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து உன் அண்ணி துடைப்பத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோய் மொட்டைமாடியில் வைத்திருக்கிறாள். பெருக்குவதற்கு அங்கிருந்து அது இறங்கி வருவதற்குள் நான் பொட்டலத்தை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

நான்காம் நாள் வெளியே வந்தது. வந்ததும் முதல் வேலையாகச் சோபாவின் காலடியில் ஒன்றுக்கு இருந்தது. நான் பினாயில் போட்டுத் துடைத்தேன். மறுநாளும் அதே இடம். இன்னும் கொஞ்சம் பினாயில். மறுநாளும் அதே இடம், அரை அடிகூட விலகவில்லை. துல்லியத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. பிறகுதான் உன் மருமகள், "அப்பா, பினாயில் நம்ம மூக்கைத்தான் ஏமாத்தும். அதோட மூக்குக்கு அங்க இன்னும் கழிப்பறைன்னு போர்டு மாட்டியிருக்கு" என்று சொல்லி, செல்லப்பிராணி கடையில் விற்கும், அந்த வாடையையே அறுத்துவிடும் திரவத்தை வாங்கி வந்தாள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், இல்லாவிட்டாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். போய்விட்டால் அந்த நொடியே பாராட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து பாராட்டினால் எதற்கென்று அதற்குத் தெரியாதாம். ஆக, ஓய்வுபெற்ற அரசு அதிகாரி ஒருவன், காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் பார்க்க, விளக்குக் கம்பத்தடியில் நின்று, "சமத்து, ரொம்ப சமத்து, என்ன அழகாப் போறே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் என் உதவியாளர்கள் யாரையும் நான் இப்படிப் பாராட்டியதில்லை.

மாத்திரை விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். முட்டைக்குள் வைத்தால் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக நக்கித் தரையில் வைக்கிறது. கிண்ணத்துக்குப் பக்கத்தில் யாராவது போனால் உறுமியது. தெருவில் இருந்ததற்கு ஒவ்வொரு வாயும் சண்டை போட்டு வாங்கியதுதானே, உறுமாமல் என்ன செய்யும்? கிண்ணத்தைப் பிடுங்காதே, தூரத்தில் நின்று அதைவிட நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு, ஆள் வந்தால் லாபம் என்று அது தானாகப் புரிந்துகொள்ளும் என்று நீ சொன்னதைச் செய்தோம். இப்போது நான் பக்கத்தில் போனால் தின்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பார்க்கிறது. இது முன்னேற்றமா, லஞ்சமா என்று எனக்கு இன்னும் தெளியவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தவறு முழுக்க என்னுடையது.

நாயை வாராவாரம் எடை பார்க்க வேண்டும் என்பது என் திட்டம். கூண்டில் ஏற்றினால் பயப்படுகிறது. அதனால் தராசு மேடையிலேயே ஏறி உட்காரப் பழக்கினேன். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. மேடையில் ஒரு கால் வைத்தால் ஒன்று, இரண்டு கால் வைத்தால் ஒன்று, நாலு காலும் வைத்தால் ஒன்று, உட்கார்ந்து முள் நிற்கும்வரை அசையாமல் இருந்தால் மூன்று. ஐந்தே நாளில் பழகிவிட்டது. என்னைக் கேட்டால், என் காலத்தில் என் அலுவலகத்திலேயே தராசை இவ்வளவு மதித்தவர்கள் இரண்டு பேர்தான். பொட்டலம் மூன்றாவது. நான் கூடத்துக்குள் நுழைந்தாலே ஓடிப்போய் மேடையில் ஏறி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்ளும். அண்ணி காய்கறி வாங்கி வந்தாலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் நான் என்னை எடை பார்க்கப் போனால் இறங்க மறுத்துவிட்டது.

இதற்கு நடுவே கேப்ஷன். என் முதல் வரைவு: 'பெயர் பொட்டலம். ஆண். நாட்டு நாய். வயது ஒன்றரை. வருகையின்போது எடை 13.4 கிலோ.' உன் மருமகள் படித்துவிட்டு, "அப்பா, இது கேப்ஷன் இல்ல. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்" என்றாள். உன் அண்ணி, 'எங்கள் வீட்டுக்கு வந்த புது விருந்தாளி' என்று எழுதினாள். "எல்லாரும் இதையேதாம்மா போடுறாங்க. பார்த்துட்டு அப்படியே தள்ளிட்டுப் போயிடுவாங்க" என்று அதையும் அடித்தாள். நான் எரிச்சலில், 'இது செருப்பு தின்னும். யோசித்து எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். "இது பரவால்ல" என்றாள், ஆனால் அதை வைத்து அடுத்த நாய்க்கு யார் வருவார்கள் என்று எனக்கே தோன்றிக் கிழித்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணி. படிவத்தோடு இறுதி எடையையும் இணைத்து அனுப்பலாம் என்று நினைத்தேன். பொட்டலம் மேடையில் ஏறி உட்கார்ந்தது. ஆனால் கழுத்துப் பட்டை, மார்புப் பட்டை, வார், போன் நம்பர் போட்ட தகடு எல்லாமாக நானூறு கிராமுக்கு மேல் வரும். அதைத் தனியாக எடை போட்டுக் கழிக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு மட்டும்தான், கழித்து வருவது கணக்கு, கண்ணால் பார்ப்பதுதான் எடை என்று ஒரு கிறுக்கு உண்டு. எல்லாவற்றையும் கழற்றினேன். புதிதாக வந்த நாய்க்கு எக்காரணம் கொண்டும் பட்டையைக் கழற்றாதே, கதவருகில் கழற்றவே கழற்றாதே என்று நீ மூன்று தடவை சொல்லியிருந்தாய். கழற்றினேன். 14.2 கிலோ. நிகர எடை. எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேன் போடுபவர் கதவைத் திறந்து காலிக் கேனைப் படியில் தூக்கிப் போட்டார். டமார் என்று சத்தம். மேடையில் முள் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. இறங்கத் தெரியாது என்று சொன்னேனே, அந்த மாடிப்படியைப் பொட்டலம் மூன்று தாவலில் இறங்கிப் போய்விட்டது.

துரத்தாதே, கத்தாதே என்றும் நீ சொல்லியிருந்தாய். துரத்தினேன், கத்தினேன். தெரு நடுவில் நின்று "பொட்டலம், பொட்டலம்" என்று அலறும் மனிதனுக்கு எல்லோரும் வழிதான் விட்டார்கள், உதவி யாரும் செய்யவில்லை. முனைக்குப் போவதற்குள் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரு காலி. என் கையில் பட்டை இருக்கிறது, தகடு இருக்கிறது, அதில் என் போன் நம்பர் பளபளவென்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள வேண்டிய கழுத்து மட்டும் இல்லை.

உன் அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பழைய பனியனை எடுத்து வந்து வெளிவாசலில் போட்டாள், வாசனை பிடித்து வரும் என்று நீ முன்பே சொல்லியிருந்தாயாம். அதன் பக்கத்தில் படுக்கைத் துணியையும் தண்ணீரையும் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நான் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். காணவில்லை அறிவிப்பு அடிக்க வேண்டும். கடையில் இருந்த அம்மா கணினி முன்னால் உட்கார்ந்து, "சொல்லுங்க சார்" என்றார். மூன்று நாளாக இரண்டு வரி வராமல் தவித்தவன் ஒரே மூச்சில் சொன்னேன்:

'காணவில்லை. பெயர் பொட்டலம். மண் நிறம், மூன்று கால் வெள்ளை, நாலாவது காலில் வெள்ளை பாதியில் நின்றுவிட்டது. இடது காதில் வெட்டு. கூப்பிட்டால் வரமாட்டான். துரத்தினால் ஓடுவான். தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தால் பக்கத்தில் வருவான். கையில் கம்போ துடைப்பமோ இருந்தால் தயவுசெய்து கீழே போட்டுவிடுங்கள், அவனை யாரோ அடித்திருக்கிறார்கள். யாரையும் கடித்ததில்லை. இடது கால் செருப்பைப் பத்திரப்படுத்தவும். அவனைப் பார்த்தவர்கள் உடனே சொல்லவும்.'

அந்த அம்மா தட்டச்சு செய்து முடித்து, "சார், இவ்வளவு போட்டா போட்டோவுக்கு இடம் இல்ல. ஏதாவது எடுத்துடலாமா?" என்றார். நான் மறுபடி மறுபடி படித்தேன். எதை எடுப்பது? ஒரு வார்த்தையைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. எழுத்தைச் சின்னதாக்கி, அடியில் என் போன் நம்பரையும் போட்டுக் கொடுத்தார். நாற்பது பிரதி. ஒவ்வொரு கடையிலும் கொடுத்தேன், தெருமுனைப் பழைய இரும்புக் கடை உள்பட. அந்தக் கடைக்காரரை உனக்குத் தெரியாது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய தராசில் குறை கண்டுபிடித்து முத்திரை வைத்துக் கடையை மூன்று நாள் பூட்டியவன் நான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்றும் திருப்பிக்கொண்டார். தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மதியம் இரண்டரை மணிக்கு போன் வந்தது. "சார், நான் இரும்புக் கடை. உங்க நாய் என் தராசுல ஏறி உட்கார்ந்திருக்கு. இறங்க மாட்டேங்குது. லோடு வண்டி ஒரு மணி நேரமா நிக்குது."

நொண்டிக்கொண்டே ஓடினேன். அவருடைய கடையில் காலை முதல் மாலை வரை இரும்பு விழும் சத்தம் ஓயாது. அன்று ஒரு சத்தம் இல்லை. ஆட்கள் எல்லோரும் கம்பிகளையும் சுத்தியலையும் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒருவர்கூட நாயைப் பார்க்காமல், நாலு பேர் நாலு பக்கம் திரும்பியிருந்தார்கள். தாளில் எழுதியதை அப்படியே செய்திருந்தார்கள். நடுவில் பெரிய மேடைத் தராசு. அதன் மேல் பொட்டலம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அசையாமல். கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தாயிற்று, மூன்று துண்டு கோழி எங்கே என்று அர்த்தம். தராசு 13.6 என்று காட்டியது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, "அறுநூறு கிராம் குறையுது."

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சார், முதல்ல நாயைப் புடிங்க" என்றார்.

தரையில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தேன். பின்னால் நகம் தரையில் படும் சத்தம் கேட்டது. ஈரமூக்கு கழுத்தில் பட்டது. பிறகு பதினாலு கிலோ இருநூறு கிராமும் என் மடியில் ஏறிச் சுருண்டு படுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, தங்கச்சி. ஐந்து ஆட்கள் முன்னால், பழைய இரும்புக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். முன்பு மூன்று நாள் கடையைப் பூட்டிய மனிதன் அழுவதைப் பார்க்க வேண்டாம் என்று கடைக்காரர் உள்ளே போய்விட்டார். தராசைப் பற்றி நான் மேற்கொண்டு பேசவில்லை. குறை தெரிந்தும் பேசாமல் வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அன்று மாலைதான் முடிவு செய்தேன். வண்டியில் அடிபட்டுப் பிழைத்து வந்த ஜீவனை, நானூறு கிராம் கணக்குக்காக மறுபடி தெருவில் விட்டவன் நான். பெரிய சுற்றுச்சுவரும் தோட்டமும் உள்ள குடும்பம் கேட்கும்போது, அதை இந்தக் கையில் வைத்திருப்பது நியாயமில்லை. அளவு தவறிய தராசைக் கடையில் வைத்திருக்க நான் யாரையும் விட்டதில்லை. எனக்கு மட்டும் என்ன சலுகை? இதைச் சொன்னதும் உன் அண்ணி, "நாய் வீட்டுக்கு வந்துடுச்சு. நீங்கதான் இன்னும் வந்து சேரல" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், ஒன்றரை நாளாகப் பேச்சில்லை. உன் மருமகள், "கையெழுத்து உங்களது. உங்க இஷ்டம்" என்றாள். இதை எழுதும்போது பொட்டலம் என் வலது செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டது. தோட்ட வீட்டுக்காரர்களிடம் துடைப்பத்தைப் பற்றி மறக்காமல் சொல். மின்விசிறி இரண்டாம் எண்ணுக்கு மேல் வேண்டாம். கிண்ணத்தைச் சுவரோரம் வைத்தால்தான் சாப்பிடும், முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிய வேண்டும். நான் படுக்கப் போகும்போது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வந்து பெருமூச்சு ஒன்று விடும், அதற்கு பதில் பெருமூச்சு விட்டால்தான் தூங்கும். அதையும் சொல்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் கை பட்ட உயிர்கள் எல்லாம் நல்ல கூரைக்குக் கீழே போய்ச் சேரட்டும். சனிக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன், வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். உறையை ஒட்டுவதற்குள் அடுத்த தடுப்பூசி இன்றுதான் என்று நினைவு வந்து, பொட்டலத்தை இரண்டு வார் மாட்டி மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தானாகவே தராசில் ஏறி உட்கார்ந்தது. இந்தத் தடவை பட்டைகளைக் கழற்றவில்லை, அவற்றின் எடையைக் கழித்துக்கொண்டேன். 13.6. நான் வாயைத் திறப்பதற்குள் மருத்துவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சான்றிதழை நீட்டினார். நான் போனில் திட்டிய மறுநாளே தராசைச் சோதிக்க ஆள் வரவழைத்திருக்கிறார். பத்து கிராம்கூடப் பிழையில்லை. "மாத்திரை பத்துலேருந்து இருபது கிலோ வரைக்கும் ஒண்ணுதான், கவலைப்படாதீங்க சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாக்கெட் பத்தை என் தராசில் வைத்தேன். காலியாக இருந்தால் பூஜ்யத்தில்தான் நிற்கிறது. ஏற்றினால்தான் பொய் சொல்கிறது. பத்து கிலோவுக்கு ஏறத்தாழ பத்தரை. கவிழ்த்துப் பார்த்தேன். முத்திரை காலாவதியாகி இரண்டு வருஷம். இதற்காக எத்தனை கடைக்காரர்களை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். ஆகவே இந்தக் கடிதத்தில் என் தராசு சொன்ன எல்லா எடைகளும் தவறு. நான் 78 கிலோ என்பதும் தவறு, 75-க்குள்தான் வரும். இதைக் கேட்டதும் உன் அண்ணி ஒன்றரை நாள் விரதத்தை விட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப ரெண்டு வருஷமா நீங்க ராத்திரி பாதிச் சாப்பாடு சாப்பிட்டது?" என்றாள். இரும்புக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப பதினோரு வருஷத்துக்கு முன்னாடி புடிச்சது?" என்று கேட்டார். அது சரியான தராசில் பிடித்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு தராசு தவறு என்று தெரிந்தால் அதில் போட்ட எல்லாவற்றையும் திரும்ப எடை போட வேண்டும் என்பது விதி. செவ்வாய்க்கிழமை மாலை, நாய் வளர்க்கத் தகுதியில்லாதவன் என்று நான் என்னை எடை போட்டதும் அதில்தான். அதனால் சனிக்கிழமை வண்டி வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். 'அனைவருக்கும் சம்மதமா' என்ற இடத்தில் என் கையாலேயே இன்னொரு டிக் அடித்திருக்கிறேன். தோட்ட வீட்டுக்காரர்களிடம் உன் மூலைக் கூண்டில் இருக்கும் ஒற்றைக்கண் கிழவியைக் காட்டு, அவளுக்கும் வெயில் காயத் தோட்டம் வேண்டும். கேப்ஷனுக்கு, காணவில்லை அறிவிப்பையே அப்படியே போட்டுக்கொள். ஒரு வார்த்தையும் குறைக்காதே. மேலே உள்ள 'காணவில்லை'யை மட்டும் எடுத்துவிடு. கடைசியில் 'அவனைப் பார்த்தவர்கள் உடனே சொல்லவும்' என்று இருக்கிறதே, அதையும் எடுத்துவிடு. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும்.